வேம்பா, மலைவேம்பா? இலையையும் பட்டையையும் படத்தில் பார்த்து மரத்தை அறிவதும், அது வீட்டுக்கு நிழல் தருமா என்பதும்

“நான் வெளிநாட்டில இருக்கிறன். கோண்டாவில் வளவில கிணத்தடிப் பக்கம் ஒரு மரம் தானா முளைச்சு, ரெண்டு மாரிக்குள்ள கூரையை எட்டிட்டுது. அம்மா வேம்பு எண்டுறா. படங்கள் அனுப்பியிருக்கிறன். வேம்புதானோ? நிழலுக்கு விடலாமோ?”

இது மலைவேம்பு. நிற்கிற இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் நிழலுக்கு விடத் தேவையில்லை. இப்போதே, தண்டு மெல்லியதாக இருக்கும்போதே, எடுத்துவிட்டு வீட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு நாட்டு வேம்பை வையுங்கள்.

அம்மா வேம்பு என்று நினைத்ததில் வியப்பில்லை. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் ஓரம் பல்லுப் பல்லாக வெட்டிய சிறிய இலைகள். இரண்டும் கசக்கும். இரண்டின் விதையையும் பறவைகள் கொண்டுவந்து மதிலோரத்திலும் கிணற்றடியிலும் போடும். ஆனால் ஒன்றை ஐம்பது வருடத்துக்கு நம்பி வைக்கலாம், மற்றதை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கு இங்கே இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன்.

“முதல் அனுப்பின இலைப் படத்தைப் பார்த்திட்டு ‘இன்னும் ஒரு படம் வேணும்’ எண்டு ஏன் கேட்டனீங்கள்? இலை வடிவாத் தெரிஞ்சதுதானே?”

நீங்கள் முதலில் அனுப்பியது ஒரு ஈர்க்கும் அதில் இரண்டு பக்கமும் வரிசையாக நின்ற சிற்றிலைகளும். அந்தப் படம் வேம்புக்கும் பொருந்தும், மலைவேம்புக்கும் பொருந்தும். வேம்பில் அதுதான் ஒரு முழு இலை. மலைவேம்பில் அது முழு இலையின் ஒரு கிளை மட்டும். கையில் இருப்பது முழு இலையா, இலையின் துண்டா என்று தெரியாமல் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் முடிவு சொல்ல முடியாது.

அதைத் தீர்ப்பது ஒரு சின்ன அரும்பு. எந்த மரத்திலும் இலைக்காம்பு கொப்போடு சேருகிற மூலையில், காம்புக்கு மேற்புறமாக, கடுகளவு ஒரு அரும்பு இருக்கும். சிற்றிலை ஈர்க்கோடு சேருகிற இடத்தில் அந்த அரும்பு ஒருபோதும் இருக்காது. ஆகவே நீங்கள் இலை என்று நினைக்கிற ஒன்றின் அடியில் இருந்து தொடங்கி, அரும்பு தட்டுப்படும் வரை கொப்பை நோக்கி விரலை நகர்த்திக்கொண்டு வாருங்கள். அரும்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் இலை தொடங்குகிறது. அங்கிருந்து நுனி வரை இருப்பது எல்லாம் சேர்ந்துதான் ஒரு இலை.

உங்கள் அம்மா எடுத்த இரண்டாவது படத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. முதல் படத்தில் இருந்த ஈர்க்கின் அடியில் அரும்பு இல்லை. அந்த ஈர்க்கு இன்னொரு தடித்த நடு ஈர்க்கில் போய்ச் சேருகிறது. அதிலிருந்து அதைப் போல் பல ஈர்க்குகள் இரண்டு பக்கமும் பிரிகின்றன. அந்த நடு ஈர்க்கின் அடியில், கொப்போடு சேரும் மூலையில், பச்சையும் கபிலமுமாக அரும்பு நிற்கிறது. அப்படியானால் இலை ஒருமுறை அல்ல, இருமுறை பிரிந்தது. வளர்ந்த வேம்பின் இலை ஒருமுறைதான் பிரியும். இந்த ஒரு அடையாளத்திலேயே விடை கிடைத்துவிட்டது. மற்றவை அதை உறுதிப்படுத்தத்தான்.

“சிற்றிலையை மட்டும் வைச்சுச் சொல்லேலாதோ?”

ஓரளவுக்குச் சொல்லலாம். வேம்பின் சிற்றிலையை நடு நரம்போடு பார்த்தால் இரண்டு பாதியும் ஒத்திருக்காது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். முழுவதும் அரிவாள் போல ஒரு பக்கத்துக்கு வளைந்திருக்கும். அடிப்பகுதியிலும் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் முடியாது. ஈர்க்கின் நுனியில் தனியாக நிற்க வேண்டிய கடைசிச் சிற்றிலை பல இலைகளில் இல்லாமலே இருக்கும்.

மலைவேம்பின் சிற்றிலை அதைவிடச் சிறியது, மெல்லியது. வளைவு குறைவு, இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒத்திருக்கும். ஒவ்வொரு பக்க ஈர்க்கின் நுனியிலும் ஒரு சிற்றிலை நேராக நிற்கும். உங்கள் படத்தில் நுனிச் சிற்றிலை எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட கன்றின் இலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். வேப்பங்கன்றின் முதல் இலைகள் மூன்று மூன்று சிற்றிலையாக, ஆழமாகக் கிழிந்தது போல வரும். மலைவேம்புக் கன்றின் முதல் இலைகளோ எளிமையாக இருக்கும். அந்த வயதில் இரண்டும் ஒன்றின் அடையாளத்தை மற்றது காட்டும். இடுப்பளவு வந்தபிறகு பாருங்கள்.

“பட்டைப் படத்தில என்னத்தைப் பாக்கிறனீங்கள்? எல்லா மரத்தின்ர பட்டையும் ஒரே மாதிரித்தான் இருக்கு.”

இளம் மரத்தில் பட்டை இலைக்கு அடுத்த சாட்சிதான், அது தனியே தீர்ப்புச் சொல்லாது. உங்கள் மரத்தின் தண்டு கபில நிறம், பெரும்பாலும் வழுவழுப்பு. அதன்மேல் வெளிறிய சின்னப் புள்ளிகள் மேடாக நிற்கின்றன. மரம் மூச்சுவிடும் பட்டைவாய்கள் அவை. இளம் மலைவேம்பில் அவை எடுப்பாகத் தெரியும். தண்டு பருக்கும்போது நெடுக்காக ஆழமில்லாத வெடிப்புகள் விழுந்து, வெடிப்பின் உள்ளே இளஞ்சிவப்புக் கபிலம் தெரியும்.

நாட்டு வேம்பின் பட்டை முதிரும்போது கருஞ்சாம்பலாகி, நெடுக்காகவும் சரிவாகவும் ஆழமாக வெடிக்கும். வெடிப்புகளுக்கு இடையில் தட்டுத் தட்டாகப் பட்டை நிற்கும். காயம் பட்ட இடத்தில் தேன் நிறப் பிசின் கட்டியிருப்பதும் வேம்பில் வழக்கம். கோயில் வீதியில் நிற்கிற பழைய வேம்பு ஒன்றின் அடியில் போய் நின்று ஒருமுறை கையால் தடவிப் பார்த்தால், பிறகு படத்தில் பார்க்கும்போது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும்.

பட்டையை ஏமாற்றும் விடயங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. மாரியில் நனைந்த பட்டை எந்த மரத்திலும் கறுப்பாகத் தெரியும். சாம்பல், வெள்ளைத் திட்டுகள் பலநேரம் மரத்தினுடையவை அல்ல, பட்டைமேல் படர்ந்த பாசிக்காளான். அடியில் சுண்ணாம்பு பூசியிருந்தாலும், வேலிக்கம்பி இறுக்கிய இடத்தில் பட்டை வீங்கியிருந்தாலும் அந்தப் பகுதியைப் படம் எடுப்பதில் பயன் இல்லை.

“அம்மாவுக்குச் சாதாரண போன்தான். எப்பிடிப் படம் எடுக்கச் சொல்லுறது?”

நாலு படம் போதும், ஆனால் அந்த நாலும் ஒரே மரத்தினுடையதாக இருக்க வேண்டும்.

முதலாவது, ஒரு சிறு கொப்பைக் கத்தியால் வெட்டி, வெள்ளைத் துணியிலோ சீமெந்து நிலத்திலோ விரித்து, பக்கத்தில் அடிமட்டம் அல்லது ஒரு பேனை வைத்து நேர் மேலிருந்து எடுப்பது. கொப்பு, காம்பு, முழு இலை மூன்றும் அதில் வரவேண்டும். வானத்தைப் பார்த்து எடுத்தால் இலை கறுப்பு நிழலாகத்தான் விழும், ஓரத்துப் பல்லுகள் தெரியாது. இரண்டாவது, இலைக்காம்பு கொப்போடு சேரும் மூலையைக் கிட்ட வைத்து எடுப்பது. போன் கிட்டப் போகும்போது மங்கினால் ஒரு சாண் பின்னுக்கு எடுத்து, பிறகு படத்தைப் பெருப்பித்துப் பார்க்கலாம். மூன்றாவது பட்டை. நெஞ்சுயரத்தில், காலை பத்து மணிக்கு முன்போ பின்னேரம் நாலு மணிக்குப் பிறகோ, வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுக்கச் சொல்லுங்கள். வெடிப்பின் ஆழம் அப்போதுதான் தெரியும். பிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். அம்மாவின் கை பட்டையில் இருந்தாலே அளவு விளங்கும். நாலாவது, மரம் முழுவதும், வீட்டுச் சுவரும் கிணறும் சேர்ந்து வருவது போலத் தள்ளி நின்று எடுப்பது. நிழலைப் பற்றிச் சொல்ல அந்தப் படம்தான் முக்கியம்.

வெட்டும் கொப்பு எந்த மரத்தில் இருந்து வருகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வேம்பிலும் மாவிலும் குருவிச்சை பிடித்திருக்கும். அதன் இலை தடித்து, பிரியாமல், ஒற்றையாக இருக்கும். எட்டுகிற கொப்பு என்று அதை முறித்து அனுப்பி, “வேம்புப் பட்டை, வேறு ஏதோ இலை” என்று குழம்பிய படங்கள் வருவது உண்டு.

“இலையைக் கடிச்சுப் பாத்தால் தெரியாதோ? வேம்பெண்டால் கசக்கும்தானே.”

தயவுசெய்து வேண்டாம். மலைவேம்பும் கசக்கும், ஆகவே கசப்பு எதையும் பிரித்துக் காட்டாது. அதோடு மலைவேம்பு நச்சு மரம், அதுவும் பழத்தில் நச்சு அதிகம். வேப்பிலையை அரைத்துக் குடிக்கிற பழக்கம் உள்ள வீடுகளில் மரத்தை மாறி அறிந்தால் வரும் ஆபத்து இதுதான். வேப்பம்பூ வடகத்துக்குப் பூப் பொறுக்க முன்னும் மரம் எது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பூவும் பழமும் வந்துவிட்டால் குழப்பமே இல்லை. வேம்பின் பூ வெள்ளை. பழம் சற்று நீண்ட முட்டை வடிவம், பழுத்தால் மஞ்சள், உள்ளே வழுவழுப்பான ஒரு கொட்டை. மலைவேம்பின் பூ இளம் ஊதா, நடுவில் கடும் ஊதாக் குழல். பழம் உருண்டை, குலை குலையாக, இலை கொட்டிய பிறகும் வெறும் கொப்பில் தொங்கிக்கொண்டே இருக்கும். அதன் கொட்டை கல்லுப் போல் கடினம், நெடுக வரி விழுந்தது, நடுவில் இயல்பாகவே துளை விழக்கூடியது. அதைக் கோத்து மணிமாலை செய்வார்கள். மஞ்சள் உருண்டையாகக் கையெட்டும் உயரத்தில் தொங்குவதால் சின்னப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள். நாய்க்கும் பன்றிக்கும் கூட அது நஞ்சு. பறவைகள் அதைத் தின்று விதையைப் பரப்பும்.

இன்னொருவர் கேட்டது: “என்ர மரத்தில இலை ஒருக்காத்தான் பிரியுது, ஆனால் ஓரத்தில பல்லு இல்லை. இது என்ன?”

ஓரம் வெட்டுப்படாமல், இலை தடித்து மினுமினுப்பாக, சிற்றிலை வேம்பினதைவிட அகலமாக இருந்தால் மகோகனியாக இருக்கலாம். அதுவும் வேம்பின் குடும்பம்தான், சிற்றிலையின் அடி அதைப் போலவே கோணலாக இருக்கும். காய் கைமுட்டியைவிடப் பெரிய, மரம் போன்ற கடினக் காய். சிறிய மரம், கசக்கினால் குசினி வாசம் என்றால் கறிவேப்பிலை.

“மலைவேம்பும் கெதியா வளருதே, நிழலும் தருதே. பிறகேன் எடுக்கச் சொல்லுறியள்?”

அது கெதியாக வளர்வதுதான் முதல் பிரச்சினை. அவ்வளவு வேகமாக ஓங்கும் மரத்தின் கொப்பு பாரமும் காற்றும் தாங்காது. மலைவேம்பின் கொப்புகள் தண்டோடு சேரும் கவரில் பிளந்து விழுவது சாதாரணம். யாழ்ப்பாணத்தில் வைகாசி தொடங்கிச் சோளகம் நாள் முழுக்க அடிக்கும். அதைவிட, மாரியில் நிலம் ஊறி இளகியிருக்கும்போது புயல் வரும். 2020 டிசெம்பரில் புரெவி வந்ததை எல்லோரும் அறிவோம். உங்கள் மரம் கூரைக்கு மேலாகக் கொப்பை நீட்டத் தொடங்கிவிட்டது. அதற்குக் கீழே சீற் போட்ட பத்தி இருக்கிறது.

இரண்டாவது, இலை இருக்கிற காலம். மலைவேம்பு இலையுதிர்க்கும் மரம். மாரி முடிந்து வறட்சி தொடங்கும்போது முழுவதும் கொட்டி வெறுங்கொப்பாக நிற்கும். நாட்டு வேம்பும் மாசி, பங்குனியில் பழைய இலையைக் கொட்டும்தான். ஆனால் சில நாட்களிலேயே செந்தளிர் விட்டு, சித்திரை வெயில் ஏறும்போது பூவோடும் புது இலையோடும் அடர்ந்து நிற்கும். வெயில் கொடுமையான மாதங்களில் தலைக்கு மேல் இலை இருக்கிறதா என்பதுதான் நிழல் மரத்திடம் முதலில் கேட்க வேண்டியது.

மூன்றாவது ஆயுள். மலைவேம்பு சில பத்து ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடும். மரத்துண்டுக்காகக் காணி நிறைய வைத்து, பருத்ததும் தறிப்பவர்களுக்கு அது நல்ல மரம். நான் குறை சொல்வது மரத்தை அல்ல, வீட்டோரத்தில் அது நிற்பதை.

“சரி, வேம்பு வைப்பம். எங்க வைச்சால் நிழல் விழும்?”

இதில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் ஊர் வட அகலக்கோடு 9.7 பாகைக்குக் கிட்ட. சித்திரை பிறக்கிற நாட்களில் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு ஆவணி வரை மத்தியானத்தில் அது எங்களுக்கு வடக்கே நிற்கும். ஆனி நடுவில் ஏறக்குறைய 14 பாகை வடக்கு. ஆகவே “தெற்கு வெயிலை மறைக்க” என்று தெற்குப் பக்கத்தில் வைக்கிற மரம், வெயில் சுடுகிற இந்த நாலு மாதமும் வீட்டின்மேல் மத்தியான நிழல் போடாது. அது மார்கழி, தை மாதங்களில்தான் வேலை செய்யும். அப்போது வாடைக் காற்றும் மழையும், நிழல் யாருக்கும் வேண்டியதில்லை.

வீட்டைச் சுட வைப்பது பின்னேர வெயில். சுவர் மூன்று மணியில் இருந்து சூடு குடித்து, இரவு அறைக்குள் விடும். ஆனி, ஆடியில் அந்த வெயில் நேர் மேற்கில் இருந்து வராது. மேற்கில் இருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி வரும். மரத்தின் நிழலும் அதற்கு எதிர்ப்பக்கமாக, கிழக்கும் சற்றுத் தெற்குமாக விழும்.

உங்கள் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அம்மா படுக்கிற அறை மேற்குச் சுவரோடு. அந்தச் சுவரில் இருந்து மதில் வரை 30 அடி வெளி என்று சொல்லியிருந்தீர்கள். வேம்பைச் சுவரில் இருந்து 18 அடி தள்ளி, அறையின் ஜன்னலுக்கு நேரே அல்லாமல் ஐந்தாறு அடி வடக்கே வையுங்கள். மரம் 25 அடி வந்த ஒரு காலத்தை எடுங்கள். ஆனியில் பின்னேரம் மூன்றேகாலுக்குச் சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும். மரத்தின் நிழலும் 25 அடி நீளம். அது சுவரைத் தொட்டு ஜன்னலின் கீழ்ப்பாதி வரை ஏறும். நாலேகாலுக்கு நிழல் 40 அடிக்கு நீண்டுவிடும். சுவர் முழுவதும் நிழலுக்குள் வந்து கூரை விளிம்பும் மறையும். மரம் 40 அடிக்கு வளர்ந்த பிறகு இதே நிழல் மூன்று மணிக்கு முன்னமே வந்துவிடும். சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் மேற்குக்குக் கிட்ட இறங்கும். ஐந்தாறு அடி மட்டும் வடக்கே தள்ளியிருப்பதாலும் வேம்பின் தலை அகலமாக விரிவதாலும் அந்த மாதங்களிலும் நிழல் தப்பாது.

இப்போது மலைவேம்பு நிற்பது வீட்டுக்குக் கிழக்கே. அது காலை வெயிலைத்தான் மறைக்கும். காலை வெயிலில் சுவருக்கு ஒன்றும் ஆகாது, கிணற்றடியில் உடுப்புக் காய அது தேவையும் கூட.

“கிணத்துக்கும் அத்திவாரத்துக்கும் வேரால பிரச்சினை வராதோ?”

வரும், கிட்ட வைத்தால். கோண்டாவில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். மண் ஆழமாக உள்ள இடத்தில் வேம்பு ஆணிவேரை இறக்கும். கல் மேலே இருக்கிற இடத்தில் வேர் கல்லின்மேல் படர்ந்து வெடிப்பைத் தேடிப் போகும். கிணறு எங்களுக்கு நீர் தருவதே அந்தக் கல் வெடிப்புகளால்தான். வேரும் அதே வழியில் வரும். கிணற்றுச் சுவரின் கல் இடுக்கில் தலைமயிர் போல் வேர் தொங்குவதைப் பார்த்தால், அது ஆரம்பம்.

என் கணிப்பில் நாட்டு வேம்புக்குச் சுவரில் இருந்து குறைந்தது 15 அடி, கிணற்றில் இருந்தும் மலக்குழியில் இருந்தும் 25, 30 அடி தேவை. குழி வெட்டும்போது அலவாங்கு இரண்டு அடியிலேயே கல்லில் முட்டினால் இன்னும் ஐந்து அடி தள்ளிப் பாருங்கள். கல் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இராது. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண் வேம்புக்குப் பிரச்சினையே இல்லை. அது தாங்காதது தண்ணீர் கட்டி நிற்பதை. மாரியில் முழங்கால் அளவு வெள்ளம் நாட்கணக்கில் நிற்கிற தாழ்ந்த மூலையில் வைத்தால் கன்று அழுகும்.

கூரைப் பீலிக்குள் வேப்பஞ்சருகு சேரும், பங்குனியில் ஒருமுறை அள்ள வேண்டும். ஆனி, ஆடியில் பழம் விழுந்து முற்றம் பிசுபிசுக்கும், வௌவாலும் காகமும் வரும். இந்த இரண்டையும் ஏற்கிறவர்கள் வேம்பு வைக்கலாம்.

“கன்று எங்க எடுக்கிறது, எப்ப நடுறது?”

வாங்கத் தேவையில்லை. பெரிய வேம்பு ஒன்றின் கீழே மாரி தொடங்கும்போது கன்றுகள் முளைத்து நிற்கும். விதை போடுவதானால் பழம் பழுத்து விழுந்த இரண்டு, மூன்று கிழமைக்குள் போட வேண்டும். வேப்பங்கொட்டைக்கு முளைக்கும் திறன் விரைவில் போய்விடும். போன வருடக் கொட்டையை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

ஐப்பசியில் முதல் மழை நிலத்தை நனைத்த பிறகு நடுங்கள். மாரி முழுவதும் வேர் இறங்க நேரம் கிடைக்கும். முதல் கோடையில் கிழமைக்கு இரண்டு தரம் ஆழமாக ஊற்றச் சொல்லுங்கள். இரண்டாவது கோடையில் அதற்குத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியும். ஆட்டுக்கு வேப்பங்குழை என்றால் உயிர். கன்றைச் சுற்றிக் கருக்குமட்டை நட்டு அடைக்காமல் விட்டால் ஒரே இரவில் குச்சிதான் மிஞ்சும்.

கீழ்க்கொப்புகளை ஒரேயடியாக வெட்ட வேண்டாம். வருடத்துக்கு ஒரு அடுக்கு, ஆள் நடக்கும் உயரம் வரும் வரை எடுத்தால் போதும். தலையை மொட்டையாக வெட்டுவதுதான் செய்யக்கூடாத வேலை. வெட்டிய இடத்தைச் சுற்றிப் பல குருத்துகள் ஒன்றாக வெடிக்கும். அவை தண்டோடு உறுதியாகப் பொருந்தாது, பிறகு அவைதான் காற்றில் முறிந்து விழும்.

வேறொருவர் கேட்டது: “எங்களுக்கு ஒரு பரப்புக் காணிதான். வேம்பு வைக்க இடம் காணாது.”

பூவரசைப் பாருங்கள். தடித்த கதியாலாக வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும், இலை அநேகமாக எப்போதும் இருக்கும், வெட்டி வெட்டி அளவாக வைத்திருக்கலாம். வெட்டின குழை தோட்டத்துக்குப் பசளை. வேம்பு அளவு உயரமும் குளிர்ச்சியும் வராது, ஆனால் மேற்கு ஜன்னலுக்கு முன்னால் பத்து அடியில் நின்று பின்னேர வெயிலை மறைக்க அது போதும்.

“வேம்பு இரவிலயும் ஒட்சிசன் விடும் எண்டு சொல்லினம். உண்மையோ?”

இல்லை. இலை ஒட்சிசன் விடுவது வெளிச்சத்தில் மட்டும். இரவில் மற்ற மரங்களைப் போல அதுவும் சுவாசிக்கும். வேம்பின் கீழ் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் அடர்ந்த நிழலும், இலை விடுகிற நீராவியும்.

“கிணத்தடி மலைவேம்பைத் தறிச்சால் திரும்பத் தளிர்க்கும் எண்டு பக்கத்து வீட்டு அண்ணை சொல்லுறார். என்ன செய்யிறது?”

அவர் சொல்வது சரி, அடிக்கட்டையில் இருந்தும் சிலநேரம் வேரில் இருந்தும் வரும். உங்கள் மரம் இன்னும் கையால் சுற்றிப் பிடிக்கிற பருமன்தான். மழை நின்று, நிலம் ஈரமாக இருக்கிற தை மாதத்தில் சுற்றிவரக் கிண்டி, பக்க வேர்களைக் கோடரியால் வெட்டி, அடிவேரோடு எடுத்துவிடுவது நல்லது. கிணற்றுக் கட்டு பக்கத்தில் இருப்பதால் கிணற்றுப் பக்கத்து வேரைப் பிடுங்கி இழுக்க வேண்டாம். வெட்டி அப்படியே விடுங்கள், இழுத்தால் கட்டின் கல் ஆடும். அந்தப் பக்கத்தில் இருந்து குருத்து வந்தால் விரல் நீளம் வரும்போதே கையால் முறித்துவிடச் சொல்லுங்கள். இலை விரிய விடாமல் ஒரு கோடை முழுக்க முறித்தால் வேரில் இருக்கிற சேமிப்பு தீர்ந்து அது அடங்கிவிடும். மரம் பெரிதாக இருப்பவர்கள் தறிக்க முன் கிராம அலுவலரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். கொப்பு மின்கம்பிக்குக் கிட்டப் போயிருந்தால் மின்சாரசபைக்கு அறிவித்து, அவர்கள் வந்த பிறகே கை வையுங்கள்.